பொட்டாசியம் பார்த்த பிறகே இன்சுலின்: மருத்துவ செமினாருக்கு ஸ்லைடு அமைக்கும் முறை

கேள்வி: எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவி நான். டயபெட்டிக் கீட்டோஅசிடோசிஸ் சிகிச்சை பற்றி 15 நிமிட செமினார் எடுக்க வேண்டும். பாடநூலிலிருந்து எடுத்துச் சேர்த்ததில் 34 ஸ்லைடு ஆகிவிட்டது. நின்று வாசிக்கத்தான் முடிகிறது. எழுத்து எவ்வளவு இருக்கலாம்? நோட்ஸில் என்ன எழுதுவது?

பதில்: கேள்விகளுக்கு 3 நிமிடம் ஒதுக்கினால் பேச 12 நிமிடமே மிஞ்சும். ஒரு முடிவை விளக்கும் ஸ்லைடுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், பத்து ஸ்லைடுகளுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். நோய் உருவாகும் விதம் வகுப்பில் எல்லோரும் கேட்டதுதான். அதற்கு ஒரு ஸ்லைடு போதும். மிச்ச இடத்தை சிகிச்சையில் எடுக்க வேண்டிய முடிவுகளுக்குக் கொடுங்கள்.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தலைப்பை ஒரு முழு வாக்கியமாக எழுதுவதுதான் நான் முதலில் செய்யச் சொல்லும் திருத்தம். ‘பொட்டாசியம்’ என்று மட்டும் தலைப்பிட்டால், அதன் கீழே எதை வேண்டுமானாலும் சேர்க்கத் தோன்றும். ‘பொட்டாசியம் 3.5-க்குக் கீழ் இருந்தால் இன்சுலினைத் தொடங்கக் கூடாது’ என்று எழுதிவிட்டால், அதை நிறுவாத வரி எதுவும் அந்த ஸ்லைடில் நிற்காது. வாக்கியமாக எழுத வராத ஸ்லைடில் சொல்வதற்கு ஒரு கருத்து இல்லை என்றே பொருள்; அதைத் தயங்காமல் நீக்கலாம்.

அந்த ஸ்லைடையே அமைத்துப் பார்ப்போம். தலைப்பின் கீழ் மூன்று வரிசைகள். இடப்பக்கம் பொட்டாசியம் அளவு, வலப்பக்கம் செய்ய வேண்டியது. 3.5-க்குக் கீழ்: இன்சுலினை நிறுத்தி வைத்து, பொட்டாசியம் கொடுக்கவும். 3.5 முதல் 5.0 வரை: இன்சுலினுடன், ஒவ்வொரு லிட்டர் திரவத்திலும் பொட்டாசியம் சேர்க்கவும். 5.0-க்கு மேல்: இன்சுலின் மட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பொட்டாசியம் பார்க்கவும். அலகை (ஒரு லிட்டருக்கு மில்லிமோல்) மேலே ஒருமுறை எழுதினால் போதும். எல்லாம் சேர்ந்து முப்பது சொற்களைச் சுற்றியே வரும். தலைப்பு 32 புள்ளி, உள்ளெழுத்து 24 புள்ளிக்குக் குறையாமல் தாராளமாக அடங்கும். சிவப்பை முதல் வரிசைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்; நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக அங்கே ‘நிறுத்தவும்’ என்ற சொல்லும் இருக்கட்டும். விளக்கு எரியும் வகுப்பறையில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே தெளிவாகத் தெரியும்.

நோயாளியின் பரிசோதனை முடிவுகளை முழு அட்டவணையாக ஒட்டுவது இத்தகைய செமினார்களில் அடிக்கடி நடக்கிறது. அதற்குப் பதிலாக, சர்க்கரையும் பைகார்பனேட்டும் மணிக்கணக்கில் மாறுவதை மேலும் கீழுமாக இரண்டு சிறு வரைபடங்களில் காட்டுங்கள். உதாரணமாக, ஆறு மணி நேரத்தில் சர்க்கரை 486-இலிருந்து 230-க்கு இறங்கியிருக்கும்போது, பைகார்பனேட் 8-இலிருந்து 12-க்குத்தான் ஏறியிருக்கும். சர்க்கரை 250-க்குக் கீழ் வந்ததும் ஏன் டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்து இன்சுலினைத் தொடர்கிறோம் என்பது அந்த இடைவெளியைப் பார்த்த உடனே விளங்கிவிடும். அட்டவணையில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பீர்கள்.

ஸ்லைடிலிருந்து எடுத்த பத்திகளை அப்படியே நோட்ஸில் ஒட்டினால், திரையை வாசிப்பதற்குப் பதிலாக நோட்ஸை வாசிப்பீர்கள். ஸ்லைடில் உள்ள முடிவுக்கான காரணம், எதிர்பார்க்கும் கேள்வி, அடுத்த ஸ்லைடுக்குச் செல்லும் வாக்கியம் ஆகிய மூன்றும் அங்கே இருந்தால் போதும். பொட்டாசியம் ஸ்லைடுக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்: ‘ரத்தத்தில் அளவு இயல்பாகத் தெரிந்தாலும் உடலின் மொத்த பொட்டாசியம் குறைந்திருக்கும், இன்சுலின் மிச்சத்தையும் செல்லுக்குள் தள்ளுவதால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். கேட்கக்கூடியது: 3.3 இல்லையா? பதில்: 2009 அமெரிக்க நீரிழிவுச் சங்க அறிக்கையில் 3.3, 2024 ஒருமித்த அறிக்கையில் 3.5. அடுத்து: பொட்டாசியம் சரி என்றால், இன்சுலின் எவ்வளவு?’ இந்தக் கேள்வி கட்டாயம் வரும், ஏனெனில் உங்கள் ஆசிரியர்கள் பலர் 3.3 என்று படித்தவர்கள். ஆகவே எண் எந்த ஆண்டின் அறிக்கையிலிருந்து வந்தது என்பதை ஸ்லைடின் மூலையில் சிறிய எழுத்தில் போடுங்கள்; ஓரத்து ஆண்டைப் பின் வரிசையில் இருப்பவர் வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

முடித்ததும் பவர்பாயிண்டில் Slide Sorter திறந்து பாருங்கள். அந்தச் சிறிய அளவில் வாசிக்க முடியாத வரி, கடைசி பெஞ்சிலும் வாசிக்க முடியாததாகவே இருக்கும். Alt+F5 அழுத்தினால் நோட்ஸ் உங்கள் திரையில் மட்டும் வரும் பிரசென்டர் வியூவில் ஒத்திகை பார்க்கலாம்.

இ.சி.ஜி. படத்தில் நோயாளியின் பெயரும் ஐ.பி. எண்ணும் இருந்தால், வெட்டி மறைப்பது மட்டும் போதாது. வெட்டிய பகுதி கோப்புக்குள் அப்படியே இருப்பதால், ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கும் யாரும் அதை மீட்டுவிட முடியும். Compress Pictures சென்று Delete cropped areas of pictures என்பதைத் தேர்வு செய்து சேமித்த பிறகே வகுப்புக் குழுவுக்கு அனுப்புங்கள்.