கறைக்கு அடியில் கூட்டலா, கழித்தலா?

மண்டபம், பத்தாம் வகுப்பு மாணவி: சார், நகல் தாளில் x² – 5x என்பதற்கும் 6 என்பதற்கும் நடுவே வெறும் கறைதான் தெரிகிறது. α² + β² காணச் சொல்கிறார்கள். எனக்கு 37 வந்தது, தோழிக்கு 13. யார் சரி?

கணக்குப் போட்டதில் இருவரும் தவறவில்லையம்மா. நீ கழித்தல் என்று படித்திருக்கிறாய். மூலங்கள் 6, –1. அவள் கூட்டல் என்று படித்திருக்கிறாள்; 2, 3. கொடுத்திருக்கும் விடைகளில் 37 இருக்கிறதே என்று மகிழாதே. குறியில் சறுக்குபவர்களுக்காகவே 13, 37 இரண்டையும் வைத்திருப்பார்கள். அடுத்த பிரிவில் என்ன கேட்டிருக்கிறது?

அதே மாணவி: இந்த மூலங்களை நீள, அகலமாகக் கொண்ட செவ்வகத்தின் மூலைவிட்டம் என்ன என்று இருக்கிறது.

அகலம் –1 என்று ஒரு செவ்வகம் உண்டா? கூட்டல்தான். தோழிக்கு வந்த 13 சரி, மூலைவிட்டம் √13.

தொண்டி, கல்லூரி மாணவர்: இவ்வளவு சுற்றுவானேன்? எந்தக் குறிக்கு முழு எண் வருகிறதோ அதுதான் அசல்.

பாதி சரி. x² – 4x, 3 இடையே கறை விழுந்திருந்தால் உங்கள் வழி உதவும். கூட்டலுக்கு 1, 3 வரும்; கழித்தலுக்கு b² – 4ac = 28, அது வர்க்க எண் அல்ல. ஆனால் 5, 6 பொல்லாத ஜோடி. 25 – 24 = 1, 25 + 24 = 49; இரண்டுமே வர்க்கம். எந்தக் குறியைப் போட்டாலும் முழு எண்தான் வரும்.

ராமேஸ்வரம், நகல் கடைக்காரர்: கடைசியில் பழி எங்கள் தலையிலா? கடற்காற்றில் தாள் நமத்துப்போனால் நாங்கள் என்ன செய்வது?

உங்களை யாரும் குறை சொல்லவில்லை அண்ணன். ஆனால் உங்களால் ஓர் உதவி உண்டு. நகலுக்கு நகல் எடுக்க எடுக்க மெல்லிய கோடுகள்தான் முதலில் மறையும்; கூட்டல் குறியின் நிமிர்ந்த கோடு போய்விட்டால் மிஞ்சுவது கழித்தல். கண்ணாடியில் ஒட்டிய தூசியோ இல்லாத கோட்டைப் போட்டுவிடும், ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில். இரண்டு பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், பொருந்தி நிற்கும் கோடு தூசியாகத்தான் இருக்கும்.

கீழக்கரை, ஒரு தாய்: மகன் நோட்டில் எழுதி வந்தது (–2)⁴ என்பதா, –2⁴ என்பதா என்றே தெரியவில்லை. டியூஷனில் சேர்க்கலாமா?

டியூஷன் இருக்கட்டும் அம்மா. முதலாவதுக்கு 16, இரண்டாவதுக்கு –16. எண்ணைப் பார்த்து ஊகிக்க இங்கே வழியே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டில் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அவனும் இவனைப் பார்த்துத்தான் எழுதினானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.