லேப்டாப் ஓடுது, ஸ்க்ரீன் மட்டும் கருப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஃபேன் சுத்துது, கேப்ஸ் லாக் லைட் எரிஞ்சு அணையுது, ஸ்க்ரீன் மட்டும் கருப்பு. டிஸ்ப்ளே போயிடுச்சா அண்ணா?

பதில்: அவசரப்படாதீங்க. கேப்ஸ் லாக் மாறுதுன்னா மெஷின் உயிரோட இருக்கு. எச்டிஎம்ஐ-ல ஒரு மானிட்டரோ டிவியோ மாட்டி ஆன் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க, ஏன்னா சில மெஷின்ல விண்டோஸ் ஏறின பிறகுதான் வெளிய படம் வரும். அப்பவும் வரலன்னா `Windows` கீயை பிடிச்சுகிட்டே `P`-யை ரெண்டு தடவை தட்டி எண்டர் கொடுங்க. படம் வந்துட்டா போர்டு, ரேம் பத்தி பெருசா கவலை வேண்டாம், கோளாறு மூடிப் பக்கம்தான் இருக்க அதிக வாய்ப்பு. அங்கயும் கருப்புன்னா ரேமை கழட்டி மாட்டறதுல இருந்து ஆரம்பிக்கணும்.

கேள்வி: வெளிய படம் வந்தா பேனல் அவுட்னுதானே அர்த்தம், நேரா புதுசு வாங்கிடலாமே?

பதில்: பாதி சரி. பேனலா இருக்கலாம், போர்டுல இருந்து ஸ்க்ரீனுக்கு போற கேபிளா இருக்கலாம், பேக்லைட்டுக்கு கரண்ட் போகாமலும் இருக்கலாம். ரூமை இருட்டாக்கி, ஸ்க்ரீன்ல மொபைல் டார்ச்சை சாய்வா அடிச்சு கிட்டப்போய் பாருங்க. போன மாசம் ஒருத்தர் கொண்டுவந்த மெஷின்ல இப்படி பாத்தப்ப மங்கலா ரீசைக்கிள் பின் ஐகான் தெரிஞ்சுது, மவுஸை ஆட்டினா அம்புக்குறியும் நகருது. அப்ப படம் வருது, பின்னாடி வெளிச்சம்தான் இல்ல. மூடியை மெதுவா முன்ன பின்ன சாய்ச்சேன், பாதி மூடின நிலையில ஒரு நொடி பளிச்சுனு எரிஞ்சு அணைஞ்சுது. கீல் பக்கம் மடிஞ்சு மடிஞ்சு கேபிள் உள்ள அறுந்திருந்துச்சு, கேபிள் மட்டும் மாத்தினதுல சரியாயிடுச்சு, பேனலை தொடவே இல்ல.

கேள்வி: எனக்கும் இதே பிரச்சனை சார், படம் பாத்துட்டு இருக்கும்போதே கருப்பாகி மொத்தமா ஆஃப் ஆகிடுது.

பதில்: உங்களுது வேற. மொத்தமா ஆஃப் ஆகுதுன்னா சூடு, பேட்டரி பக்கம் பாருங்க.

கேள்வி: நானே புது பேனல் மாட்டினேன், இதுலயும் டார்ச் அடிச்சாதான் தெரியுது.

பதில்: மாட்டும்போது பேட்டரி கனெக்டரை கழட்டினீங்களா? அது மாட்டியிருக்கும்போதே டிஸ்ப்ளே கேபிளை சொருகினா, கொஞ்சம் கோணலா போனாலே போர்டுல இருக்கற பேக்லைட் ஃபியூஸ் போயிடலாம். டிஸ்ப்ளே கனெக்டர் பக்கத்துல அரிசி மணியை விட சின்னதா இருக்கும். பேட்டரி, சார்ஜர் ரெண்டையும் கழட்டிட்டு மல்டிமீட்டரை பீப் மோடுல வச்சு ரெண்டு முனையையும் தொடுங்க, பீப் வரலன்னா ஃபியூஸ் காலி. கம்பி வச்சு ஷார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, கேபிள்ல ஷார்ட் இருந்தா அடுத்து போர்டே கருகும்.

கேள்வி: வெளிய படம் வருது, ஆனா டார்ச் அடிச்சாலும் ஒண்ணுமே தெரியல.

பதில்: ஓஎல்இடி ஸ்க்ரீனா? அதுல பேக்லைட்டே கிடையாது, டார்ச் டெஸ்ட் செல்லாது. சாதா எல்சிடின்னா கேபிள் முழுசா விட்டிருக்கலாம், பேனலும் இருக்கலாம், நல்ல கேபிள் ஒண்ணு மாட்டிப் பாக்காம ரெண்டுல எதுன்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. மாடல் நம்பர் போடுங்க.