பம்பு கையேட்டில் மூன்று பெயரில் ஒரே ஆபத்து

மகள், தமிழ் படித்துவிட்டு இயந்திரக் கையேடுகளுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலைக்குப் போகலாமா, அதில் எழுத்துப்பிழை திருத்துவதைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். போகலாம். ஆனால் எழுத்துப்பிழை அந்த வேலையில் சின்னப் பகுதிதான். பெரிய பகுதி எதுவென்று சொல்கிறேன், அதைச் செய்யப் பிடிக்குமா என்று நீங்களே பாருங்கள்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் தோட்டக் கிணற்றுக்குப் பெற்றோல் பம்பு வைத்து இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கீழே போய்விட்டால் சிலர் பம்பையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவார்கள். புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கினால், இறங்கியவர் மயங்கி விழுந்த பிறகுதான் மேலே நிற்பவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு பம்பின் தமிழ்க் கையேடு முன்பு என் கைக்கு வந்தது. முன்பக்கத்தில் இந்தப் புகைக்கு ‘ஆபத்து’ என்று தலைப்பு, இயக்கும் முறை சொல்லும் இடத்தில் அதே புகைக்கு ‘கவனம்’, பம்பில் ஒட்டும் ஸ்டிக்கரில் ‘எச்சரிக்கை’. மூன்றிலும் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல. பாதுகாப்புக் குறிப்புகளுக்கான அமெரிக்காவின் ஏ.என்.எஸ்.ஐ. இசட்535 தர நியமத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை உண்டு. ‘டேஞ்சர்’ என்றால் தவிர்க்காவிட்டால் மரணமோ பாரிய காயமோ நேரும், நிறம் சிவப்பு. ‘வார்னிங்’ என்றால் அதே மரணமோ பாரிய காயமோ நேரலாம், நிறம் செம்மஞ்சள். ‘காஷன்’ என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம் வரலாம், நிறம் மஞ்சள். ‘நோட்டீஸ்’ ஆளுக்குக் காயம் வராத, இயந்திரம் பழுதாவது போன்ற விஷயத்துக்கு, நிறம் நீலம். நாங்கள் இவற்றை ஆபத்து, எச்சரிக்கை, கவனம், அறிவிப்பு என்று வைத்துக்கொண்டோம். வேறு சொற்களும் வைக்கலாம், ஆனால் வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது.

அப்புறம், கையேட்டைப் பக்க வரிசையில் வாசித்தால் இந்தக் குழப்பம் கண்ணில் படாது. பாதுகாப்புக் குறிப்புகளை மட்டும் பொறுக்கி ஓர் அட்டவணையில் போடுங்கள்: பக்கம், எது ஆபத்து, மொழிபெயர்க்கப்பட்ட மூலக் கையேட்டில் எந்தச் சொல், தமிழில் எந்தச் சொல். பிறகு பக்கத்தை விட்டுவிட்டு ஆபத்தின்படி அடுக்குங்கள். புகை பற்றியவை ஒன்றாக, பெற்றோல் ஊற்றுவது ஒன்றாக, சூடான சைலன்சர் ஒன்றாக. ஸ்டிக்கரையும் அதே அட்டவணையில் சேர்க்க மறக்காதீர்கள், அது பெரும்பாலும் வேறு ஃபைலில் வரும்.

தலைப்புச் சரியாக இருந்தும் கீழே உள்ள வசனம் காலை வாரிவிடும். ‘ஆபத்து’ என்று போட்டுவிட்டு ‘உயிரிழப்பு ஏற்படக்கூடும்’ என்று எழுதியிருந்தால் அது எச்சரிக்கையின் வசனம். ‘கூடும்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடிக்கத்தான் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும்.

தேடும்போதும் தமிழ் கொஞ்சம் சிரமப்படுத்தும். ‘எச்சரிக்கை’ என்று தேடினால் ‘முன்னெச்சரிக்கை’ அகப்படாது, ஏனென்றால் அங்கே எகரம் னகரத்தோடு சேர்ந்து ‘னெ’ ஆகிவிடுகிறது. ‘ச்சரிக்கை’ என்று தேடுங்கள், இரண்டும் வரும். ‘கவனம்’ என்று தேடினால் ‘கவனத்துடன்’ தப்பிவிடும், ‘கவன’ என்று தேட வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைல் என்றால் யூனிகோடில் அடித்துத் தேடுவது வீண், முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றியபின் எழுத்துகள் உடைந்திருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள்.

சரி, முரண்பாடு கிடைத்துவிட்டது, யார் திருத்துவது? எல்லா இடத்திலும் நீங்கள் அல்ல. மூலத்தில் ஒரே சொல் இருந்து தமிழில் மட்டும் மாறியிருந்தால் திருத்தலாம். மூலத்திலேயே முரண்பட்டிருந்தால் எந்த நிலை என்று சொல்ல வேண்டியவர் உற்பத்தியாளரின் பொறியியலாளர், உங்கள் வேலை பக்க எண்ணோடு கேள்வி எழுதி அனுப்புவது. அந்தப் பம்பில் நான் அனுப்பிய கேள்வி இரண்டே வரி: ‘ஒரே புகைக்கு இரு பக்கங்களிலும் ஸ்டிக்கரிலும் மூன்று நிலைகள் உள்ளன. எது சரி?’ மூன்றும் ‘ஆபத்து’ ஆகட்டும் என்று பதில் வந்தது. ஸ்டிக்கரின் செம்மஞ்சளும் சிவப்பாக மாற வேண்டியிருந்தது, அதையும் அச்சுக்குப் போகும் கடைசிப் பி.டி.எஃப்.பில் திரும்பப் பார்த்தேன்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இது ஒன்றை மட்டும் நம்பி மாதச் சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். மொழிபெயர்ப்போடு சேர்ந்துதான் வேலை வரும், பெரும்பாலும் ஒன்லைனில். விண்ணப்பத்தோடு சான்றிதழ் மட்டும் வைக்காதீர்கள். வீட்டில் ஏதாவது தமிழ்க் கையேடு கிடந்தால் எடுத்து, மேலே சொன்ன அட்டவணையை இரண்டு பக்கத்தில் போட்டு, கேள்விகளையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று பேசுவோம்.