எந்தக் கேள்விக்கு ஆவணத்தைத் தேட வேண்டும், எதற்குத் தேவையில்லை?

கேள்வி: எங்கள் அலுவலக விதிகளை வைத்து, ஆவணத்தில் தேடி எடுத்ததைப் பார்த்துப் பதில் சொல்லும் ஒரு ராக் சாட்பாட் செய்திருக்கிறேன். "ஹாய்", "நன்றி" என்றாலும் ஆவணத்தில் போய்த் தேடுகிறது, கணக்கு கேட்டால் தப்பாகச் சொல்கிறது. தேடலாமா வேண்டாமா என்று அது முன்கூட்டியே முடிவு செய்ய என்ன வழி?

பதில்:

பொருளில் நெருக்கமான ஆவணத் துண்டுகளை எடுத்துத் தரும் வெக்டர் தேடல் தானாக "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சொல்லாது. அருகில் இருக்கும் 5 துண்டுகளைக் கொடு என்றால் 5 துண்டுகளைக் கொடுத்துவிடும், கேள்விக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும். நானும் இதே மாதிரி ஒரு சாட்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பணியாளர்களின் விடுப்பு, சலுகை விதிகளுக்குப் பதில் சொல்வது. ஒருவர் "ரொம்ப நன்றி" என்று எழுதினார். தேடலில் ஓய்வுபெறுபவர்களுக்கு நடத்தும் விடைகொடுப்பு விழா பற்றிய பக்கம் வந்தது, மாடலும் அதை எடுத்து வைத்துக்கொண்டு விழாவுக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டது.

இதற்கு எல்லோரும் முதலில் செய்வது, ஒற்றுமை மதிப்பெண் இவ்வளவுக்குக் கீழே போனால் துண்டுகளைத் தூக்கிப் போடு என்று ஒரு கோடு கிழிப்பது. நானும் அதைத்தான் செய்தேன், சரிவரவில்லை. "ரொம்ப நன்றி"க்கு வந்த மதிப்பெண், எழுத்துப்பிழையோடு ஆங்கில எழுத்தில் தட்டப்பட்ட ஒரு நிஜமான விடுப்புக் கேள்விக்கு வந்ததைவிட அதிகமாக இருந்தது. அந்த எண் ஒரே கேள்விக்கு வந்த துண்டுகளை வரிசைப்படுத்தத்தான் உதவும், இந்தக் கேள்விக்குத் தேடல் வேண்டுமா என்பதை அது சொல்லாது. எழுத்தை எண்களாக மாற்றித் தரும் எம்பெடிங் மாடலை மாற்றினால் கோட்டையும் மறுபடி கிழிக்க வேண்டியிருக்கும். எனவே முடிவு தேடலுக்கு முன்னாலேயே எடுக்கப்பட வேண்டும், அதை எடுக்கும் பகுதியைத்தான் ரவுட்டர் என்கிறார்கள்.

ரவுட்டர் கட்டும்போது பலரும் "இது அரட்டையா, கேள்வியா, கணக்கா?" என்று ஒரே ஒரு லேபிள் கேட்கிறார்கள். நான் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். "இதற்கான பதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்பது நல்லது. விதிகளில் இருக்கலாம், அந்த ஆளுடைய பதிவில் இருக்கலாம், கூட்டிக் கழித்தால்தான் வரலாம், எங்கேயுமே தேட வேண்டாததாகவும் இருக்கலாம். ஒரு கேள்விக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே தேவைப்படும், ஒரே லேபிள் கொடுத்தால் மற்றது விழுந்துவிடும்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். பணியாளர் எழுதுகிறார்: "நன்றிங்க. அப்போ நான் ஆகஸ்ட் 31 அன்று விலகினால் எத்தனை நாள் விடுப்பு மிச்சம் இருக்கும்?" இது நன்றியில் ஆரம்பிக்கிறது, அதனால் வார்த்தையைப் பார்த்து அரட்டை என்று முடிவு செய்யும் விதி இங்கேயே தடுக்கி விழும். ரவுட்டரிடமிருந்து எனக்கு இந்த மாதிரி ஒன்று வர வேண்டும்:

```json
{
  "docs": ["மாதத்துக்கு எத்தனை நாள் விடுப்பு சேரும்"],
  "records": ["join_date", "leave_taken"],
  "calc": true
}
```

ஆவணத் தேடலுக்குப் போவது அவர் எழுதிய வாக்கியம் அப்படியே இல்லை என்பதைக் கவனியுங்கள். விதிப் புத்தகத்தில் "ஆகஸ்ட் 31" என்று எங்கும் இருக்காது, அதை வைத்துத் தேடினால் விடுமுறை நாள்காட்டிதான் வரும். விதியிலிருந்து என்ன தேவையோ அதை மட்டும் தனிக் கேள்வியாக்கி அனுப்புகிறோம். வரும் துண்டு சொல்கிறது: நிறைவடைந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 1.5 நாள். பணியாளர் பதிவிலிருந்து, சேர்ந்தது மார்ச் 10, எடுத்த விடுப்பு 4 நாள் என்று வருகிறது. இந்தப் பதிவுக்கு வெக்டர் தேடல் வேண்டவே வேண்டாம். பணியாளர் எண்ணைக் கொடுத்து டேட்டாபேஸில் நேராக எடுக்க வேண்டும், ஏனென்றால் 40217-க்கும் 40271-க்கும் உள்ள வித்தியாசம் எம்பெடிங்குக்குப் பெரிதாகத் தெரியாது, பக்கத்து ஆளுடைய விடுப்பைக் காட்டினால் அது பெரிய தவறு.

இனி கணக்கு. மாடலையே போடச் சொன்னபோது அது மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று விரல்விட்டு எண்ணி 6 மாதத்துக்கு 9 நாள், அதில் 4 போக 5 என்றது. படித்தால் நம்பும்படி இருக்கும், ஆனால் தப்பு. மார்ச் 10-இல் சேர்ந்தவருக்கு ஆகஸ்ட் 10 வரை நிறைவடைந்தது 5 மாதம்தான், ஆறாவது மாதம் பாதியில் நிற்கிறது. 7.5-இல் 4 போக 3.5 நாள். இதை ஒரு சின்னச் செயல்கூறு செய்யட்டும்:

```python
def full_months(a, b):
    return ((b.year - a.year) * 12
            + b.month - a.month
            - (b.day < a.day))
```

இப்படிக் குறியீடாக எழுதும்போதுதான் விதியில் உள்ள ஓட்டையும் தெரிகிறது. 10-ஆம் தேதி சேர்ந்தவர் அடுத்த மாதம் 9-ஆம் தேதி மாலை விலகினால் மாதம் நிறைவா இல்லையா? மேலே உள்ள வரிகள் இல்லை என்கின்றன. அது சரியா என்று விதி எழுதியவர்களிடம் கேட்டு, ஒரே ஒரு முறை முடிவு செய்து குறியீட்டில் வைத்துவிடலாம். மாடல் கையில் விட்டால் ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் எண்ணும். பதிலை வாக்கியமாக எழுதும் வேலையை மட்டும் மாடலுக்குக் கொடுங்கள், 3.5 என்ற எண் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும்.

கணக்கு மாதிரியே தெரியாத ஒரு கணக்கும் உண்டு: "போன மாதம் எங்கள் குழுவில் எத்தனை பேர் விடுப்பு எடுத்தார்கள்?" பார்த்தால் சாதாரணத் தகவல் கேள்வி. ஆனால் 5 துண்டுகளைப் பார்த்துவிட்டு யாரும் எத்தனை பேர் என்று எண்ண முடியாது, அந்த 5 துண்டுகளில் இருப்பவர்களை மட்டும் எண்ணி மாடல் ஒரு எண்ணைச் சொல்லிவிடும். "எத்தனை", "மொத்தம்", "சராசரி", "அதிகபட்சம்" என்று வந்தால் பெரும்பாலும் ஆவணத் தேடலை விட்டுவிட்டு டேட்டாபேஸ் வினவலுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் "மகப்பேறு விடுப்பு எத்தனை வாரம்?" என்பதில் எண்ண எதுவுமில்லை, அது விதியில் நேராக எழுதியிருக்கும்.

அரட்டைப் பாதையில்தான் நான் மிகவும் கவனமாக இருப்பேன். இங்கே நடக்கும் இரண்டு வகைத் தவறும் சமம் இல்லை. தேவையில்லாமல் தேடினால் கொஞ்சம் நேரம் வீண், சில சமயம் பதில் விழா விதி மாதிரி திசைமாறும், பார்த்தவருக்கே தெரிந்துவிடும். தேட வேண்டியதைத் தேடாமல் விட்டால் மாடல் தன் நினைவிலிருந்து எங்கோ படித்த ஒரு விடுப்பு விதியைத் தெளிவான குரலில் சொல்லும், கேட்டவர் அதை நம்பி விண்ணப்பமும் போட்டுவிடுவார். அதனால் சந்தேகம் வந்தால் தேடு என்பதே இயல்புநிலையாக இருக்கட்டும். தேடாமல் விடும் வாசல் மிகக் குறுகலாக இருக்க வேண்டும்.

குறுகல் என்றால் எப்படி? "ஹாய்", "வணக்கம்", "நன்றி" மாதிரி ஒரு சின்னப் பட்டியல், செய்தி முழுவதுமே அதுவாக இருந்தால் மட்டும் மாடலைக் கேட்காமலே அரட்டைக்கு அனுப்பலாம். செய்திக்குள் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. "சரி", "ஓகே", "ஆமாம்" ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பாட் அதற்கு முன்னால் "விண்ணப்பத்தைப் பதிவு செய்யட்டுமா?" என்று கேட்டிருந்தால் "சரி" என்பது சம்மதம். எங்கள் பாட் அதற்கு ஒரு ஸ்மைலி போட்டுவிட்டுச் சும்மா இருந்தது, அந்தப் பெண் விடுப்பு பதிவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ரவுட்டருக்கு முந்தைய இரண்டு மூன்று செய்திகளையும் சேர்த்தே கொடுக்கிறேன். "அப்போ ஒப்பந்த ஊழியர்களுக்கு?" மாதிரி அரைக் கேள்விகளும் அப்போதுதான் பிடிபடும். அதை முதலில் "ஒப்பந்த ஊழியர்களுக்கு மாதம் எத்தனை நாள் விடுப்பு சேரும்?" என்று முழுதாக்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பாதையைத் தீர்மானிக்க வேண்டும்.

பட்டியலில் சிக்காத மற்ற எல்லாவற்றையும் ஒரு சின்ன மாடலிடம் கொடுத்து மேலே காட்டிய ஜேசானை வாங்குங்கள். அந்த அழைப்பு நேரம் எடுக்கிறது என்று கவலையாக இருந்தால், ரவுட்டரையும் ஆவணத் தேடலையும் ஒரே சமயத்தில் தொடங்கிவிட்டு, தேவையில்லை என்று வந்தால் தேடல் முடிவைத் தூக்கிப் போடலாம். ஆவணத் தேடல், மாடலை அழைப்பதைவிட மலிவானது, எனவே பெரிய நஷ்டம் இல்லை. முழுதாக்கப்பட வேண்டிய அரைக் கேள்விகளுக்கும், ஆகஸ்ட் 31 கேள்வி மாதிரி தேடலுக்கென்று மாற்றி எழுத வேண்டியவற்றுக்கும் மட்டும் இது பலிக்காது, அவற்றுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். 2024-இல் வந்த அடாப்டிவ் ராக் ஆய்வுக் கட்டுரையில் இதற்கென்றே ஒரு சின்ன வகைப்படுத்தியைப் பயிற்றுவித்திருக்கிறார்கள்: தேடல் வேண்டாம், ஒரு முறை தேடு, பல படிகளாகத் தேடு என்று மூன்று வகை. எனக்குப் பிடித்தது அவர்கள் லேபிள் போட்ட விதம். ஆள் வைத்து எல்லாவற்றையும் குறிக்காமல், எந்த எளிய வழியில் சரியான பதில் வந்ததோ அதையே அந்தக் கேள்விக்கு லேபிளாக எடுத்துக்கொண்டார்கள். உங்களிடம் சரியான பதிலோடு சில நூறு கேள்விகள் இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க, லாக்கிலிருந்து 200 நிஜச் செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எது தேவை என்று நீங்களே உட்கார்ந்து குறியுங்கள். மொத்தத் துல்லியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள், "தேவைப்பட்டும் தேடவில்லை" என்பதை மட்டும் தனியாக எண்ணுங்கள், அந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொரு செய்தியையும் படியுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஒரு காவல் வைக்கலாம். அரட்டைப் பாதையில் வந்த பதிலில் ஒரு எண்ணோ தேதியோ விதியின் பெயரோ இருந்தால், அதைக் காட்டாமல் நிறுத்தி, அதே செய்தியை ஆவணப் பாதைக்கு அனுப்பிவிடுங்கள். வணக்கத்துக்கும் நன்றிக்கும் பதில் சொல்ல எண் எதற்கு? "ஒன்றரை நாள்" என்று சொல்லில் எழுதினால் வெறும் இலக்கத்தைத் தேடும் சோதனையில் அது தப்பிவிடும், எனவே எண்ணுப்பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சாட்பாட்டில் இந்தக் காவலில் முதலில் சிக்கியவை எல்லாம் "ஹாய், ஒரு சந்தேகம்..." என்று ஆரம்பித்த செய்திகள்தான்.