‘நேர்ந்துவிட்டது’ என்று எழுதாதீர்கள், டாக்டர்

கேள்வி: நான் பொது அறுவை மருத்துவர். 14 ஆண்டு அனுபவம். பித்தப்பைக் கல்லுக்காக வந்த 46 வயதுப் பெண்ணுக்கு லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை அகற்றினேன். அழற்சியால் எல்லாம் ஒட்டிப்போயிருந்தது. பித்தப்பையின் சிறு குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிட்டேன். அப்போது எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் வயிற்றுவலி கூடுகிறது என்று தொலைபேசியில் சொன்னார். வாயுவாக இருக்கும் என்றேன். ஐந்தாம் நாள் காய்ச்சலும் மஞ்சள் கண்களுமாக வந்தார். வேறொரு மருத்துவமனையில் ஆறு வாரம் வடிகுழாயுடன் இருந்து, மறு அறுவையும் முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறார். ஒருமுறை நேரில் போய்ப் பேசினேன், நா குழறியது. மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத நினைக்கிறேன். ‘வழக்கில் ஆதாரமாகிவிடும்’ என்கிறது மருத்துவமனை நிர்வாகம். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது வரைவை இணைத்திருக்கிறேன். எப்படி எழுதுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன், டாக்டர். ‘நான் மிகுந்த வேதனை அடைந்தேன்’ என்று இருக்கிறது. ‘நான் பல இரவுகள் தூங்கவில்லை’ என்றும் இருக்கிறது. ஆனால் குழாயை வெட்டிய இடத்துக்கு வரும்போது ‘நான்’ காணாமல் போய்விடுகிறது. ‘துரதிர்ஷ்டவசமாகப் பித்தநாளத்தில் காயம் ஏற்பட்டுவிட்டது’ என்கிறீர்கள். தூங்காதவர் நீங்கள், வெட்டியது மட்டும் விதியா?

நம் மொழி இதற்கு மிகவும் வசதி செய்து கொடுக்கிறது. ‘ஏற்பட்டுவிட்டது’, ‘நேர்ந்துவிட்டது’, ‘ஆகிவிட்டது’ என்று ஆளே இல்லாமல் ஒரு விபத்தை முழுதாகச் சொல்லி முடித்துவிடலாம். ‘வருந்துகிறோம்’ என்பதும் அந்த வகைதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நோயாளியின் சிகிச்சையில் நான் பிழை செய்தபோது, நிர்வாகம் தட்டச்சு செய்து கொடுத்த கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன். அந்த நோயாளி அதைத் திருப்பி அனுப்பினார். ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளைப் பேனாவால் சுழித்து, ‘உங்களோடு வேறு யார்?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அன்று கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், எந்தப் பிழைக்காக மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்பதை உங்களுக்குள் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பித்தநாளக் காயம் இந்த அறுவையின் அறியப்பட்ட ஆபத்து. ஒப்புதல் படிவத்திலும் இருந்திருக்கும். உங்கள் வரைவின் மூன்றாம் பத்தி அந்தப் படிவத்தை நினைவூட்டுகிறது, அதை எடுத்துவிடுங்கள். ஆபத்து உண்டு என்பதற்குத்தான் அவர் ஒப்புக்கொண்டார். தெளிவாகத் தெரியாத குழாயை வெட்டுவதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

எதையும் வெட்டுமுன் மூன்று விஷயங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது 1990களிலிருந்தே நம் தொழிலில் உள்ள பாடம். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பகுதி கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு தமனியும் மட்டுமே என்று தெரிய வேண்டும். உங்களுக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை என்பதை வரைவிலேயே ஒப்புக்கொள்கிறீர்கள், அழற்சியைக் குறைசொல்லும் சாக்கில். காட்சி கிடைக்காதபோது நிறுத்தலாம், சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கலாம், இன்னொருவரை அழைக்கலாம், பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வெளியே வரலாம். வயிற்றைத் திறந்து செய்வதும் ஒரு வழி. ஆனால் ஒட்டிப்போன இடத்தில் திறந்தாலும் குழாய் தானாகத் தெளிவாகிவிடாது. இவற்றில் எதையும் செய்யாமல் தொடர்ந்ததுதான் உங்கள் பிழை. கடிதத்தில் வர வேண்டியது அதுதான்.

இத்தகைய காயங்களில் பெரும்பாலானவை கைத்திறன் குறைவால் வருவதில்லை, கண் ஏமாறுவதால் வருகின்றன. பொதுப் பித்தநாளத்தைச் சிறு குழாய் என்று மனம் ஒருமுறை முடிவுசெய்துவிட்டால், அதன்பின் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகிவிடும். இது உண்மை. உங்களுக்கு ஆறுதலும் தரும். ஆனாலும் கடிதத்தில் எழுதாதீர்கள். அவர் கேட்டால் நேரில் சொல்லுங்கள். கேட்காதவரிடம் சொன்னால் அது சாக்காகத்தான் ஒலிக்கும்.

உங்கள் வரைவில் ஒரு சொல்கூட இல்லாத இடம் அந்தத் தொலைபேசி அழைப்பு. என் கணிப்பில், அவருக்கு வெட்டுக்காயத்தைவிட அதிகம் வலிப்பது அதுவாகத்தான் இருக்கும். அறுவை அரங்கில் நடந்தபோது அவர் மயக்கத்தில் இருந்தார். தொலைபேசியில் பேசியபோது முழு நினைவோடு இருந்தார், தன் உடலில் ஏதோ சரியில்லை என்று சொன்னார், நீங்கள் நம்பவில்லை. லேப்ராஸ்கோபிக்குப் பின் வாயுவால் தோளிலும் வயிற்றிலும் வலி வரும், உண்மைதான். ஆனால் அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாம் நாள் வலி கூடுகிறது என்று யாராவது சொன்னால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை பித்தக் கசிவைத்தான் நினைக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம். அப்படியே நகலெடுக்காதீர்கள். உங்கள் கையால், உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

‘அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் பித்தப்பை அறுவையில் நான் தவறு செய்தேன். பித்தப்பையின் சிறு குழாயை வெட்டுவதற்குப் பதிலாக, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் முக்கியக் குழாயை வெட்டிவிட்டேன். நீங்கள் செய்த எதுவும், செய்யாத எதுவும் இதற்குக் காரணம் இல்லை.

உள்ளே உறுப்புகள் ஒட்டியிருந்ததால் எது எந்தக் குழாய் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அந்த நிலையில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். வேறொரு மருத்துவரை அழைத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. செய்திருந்தால் இந்தக் காயத்தைத் தவிர்த்திருக்க முடியும்.

மூன்றாம் நாள் வலி கூடுகிறது என்று தொலைபேசியில் சொன்னீர்கள். உடனே வரச்சொல்லிப் பரிசோதிக்காமல், வாயு என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி. என்னால் இரண்டு நாள் சிகிச்சை தாமதமானது.

அதன்பின் ஆறு வாரம் வடிகுழாயோடு வாழ்ந்தீர்கள். இன்னொரு பெரிய அறுவையையும் தாங்கினீர்கள். உங்களைக் கவனித்துக்கொள்வதில் உங்கள் குடும்பத்தார் பட்ட பாட்டை நான் முழுதாக அறியமாட்டேன். உங்களிடமும் அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒன்றை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குடலோடு பித்தநாளத்தை இணைத்த இடம் சில ஆண்டுகள் கழித்தும் சுருங்கலாம். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், அடர்நிறச் சிறுநீர், உடல் அரிப்பு ஆகியவற்றில் ஏதாவது வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு மறு அறுவை செய்த மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

உங்கள் சிகிச்சைக் குறிப்புகள் அனைத்தின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் விரும்பினால் நேரில் வந்து எந்தக் கேள்விக்கும் பதில் சொல்கிறேன். நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.’

இதில் ‘என்னை மன்னித்துவிடுங்கள்’ என்று எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மன்னிப்புக் கேட்பது உங்கள் வேலை. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் விருப்பம். ‘மன்னித்துவிடுங்கள்’ என்று எழுதினால், உடல் தேறாத ஒருவர் உங்களைத் தேற்ற வேண்டிய கட்டாயத்துக்கு ஆளாகிறார். தூங்காத இரவுகளையும் அதே காரணத்துக்காகத்தான் விட்டுவிட்டேன். அவற்றை நண்பரிடமோ மனநல மருத்துவரிடமோ சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும்.

வரைவின் கடைசியில் ‘இனி எவருக்கும் இப்படி நடக்காது’ என்கிறீர்கள். அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. ‘குழாய் தெளிவாகத் தெரியாவிட்டால் இரண்டாவது மருத்துவர் பார்க்காமல் வெட்டுவதில்லை என்று எங்கள் அரங்கில் முடிவுசெய்திருக்கிறோம்’ என்று எழுத முடிந்தால் எழுதுங்கள், உண்மையிலேயே முடிவுசெய்திருந்தால் மட்டும். செலவை ஏற்பதும் அப்படியே. நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகையைத் தவிர வேறு எதையும் குறிப்பிடாதீர்கள். பின்னால் பின்வாங்க நேர்ந்தால் அது இரண்டாவது காயம்.

இனி வழக்கைப் பற்றி. மன்னிப்புக் கடிதத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986இல் அனுதாபச் சொற்களுக்கு மட்டும் பாதுகாப்புக் கொடுத்தது. கொலராடோ 2003இல் மருத்துவர் தவறை ஒப்புக்கொள்ளும் சொற்களையும் அதில் சேர்த்தது. மன்னிப்புக் கேட்டதனாலேயே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாது என்று இங்கிலாந்து, வேல்ஸில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டம் அறிந்த ஒருவரிடமும், உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் அனுப்புமுன் காட்டுங்கள். காப்பீட்டாருக்குத் தெரிவிக்காமல் பொறுப்பை ஏற்றால், சில ஒப்பந்தங்களில் பாதுகாப்பே போய்விடும். அவர்கள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் கேளுங்கள். கடிதத்தையே அவர்கள் எழுதித்தர முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘அலட்சியம்’ என்ற சொல்லை நானும் பயன்படுத்தவில்லை. அது நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டியது. நீங்கள் செய்ததைச் சொன்னால் போதும்.

‘ஆதாரமாகிவிடும்’ என்ற அச்சத்துக்கு ஒரு வார்த்தை. வெட்டிய குழாய் ஸ்கேனில் பதிவாகியிருக்கிறது. மறு அறுவை செய்தவர் தான் கண்டதைக் குறிப்பில் எழுதியிருப்பார். உங்கள் கடிதம் புதிதாக வெளிப்படுத்தப்போவது மிகக் குறைவு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பழைய அறுவைக் குறிப்பில் ஒரு வரியையும் திருத்தாதீர்கள். ஏதேனும் விடுபட்டிருந்தால் இன்றைய தேதியும் நேரமும் இட்டுத் தனியாகச் சேருங்கள்.

கடிதத்தைச் செவிலியரிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் முன்னால் உட்கார்ந்து படிக்கச் சொல்லாதீர்கள், கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பதில் வராவிட்டால் தொலைபேசியில் கேட்காதீர்கள். என்றாவது ஒரு நாள் அவரிடமிருந்தே அழைப்பு வந்து, வலிக்கிறது என்று சொன்னால், நேரில் வரச்சொல்லிப் பாருங்கள்.