ஃபார்மட் கேட்கும் மெமரி கார்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரியில் நடந்த தங்கையின் திருமணப் படங்கள் 64 ஜிபி கார்டில் உள்ளன. கேமராவும் லேப்டாப்பும் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்கின்றன. படங்கள் போய்விட்டனவா?

பெரும்பாலும் போயிருக்காது. எந்தப் படம் கார்டில் எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணை கெட்டிருக்கும். படங்கள் இருந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே `Cancel` அழுத்தி, கார்டை வெளியே எடுத்து, அதன் ஓரத்திலுள்ள சிறு பூட்டை `Lock` பக்கம் தள்ளிவிடுங்கள். `chkdsk` வேண்டாம், அது சரிசெய்கிறேன் என்று அந்தக் கார்டின் மேலேயே எழுதிவிடும்.

அடுத்து வேறொரு கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். மூடுபனியில் குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் திறந்தால், கார்டின் தொடுமுனைகளில் ஈரம் படியும். நம் மலையில் இது அடிக்கடி நடப்பதுதான். பையை மூடியபடியே ஓரிரு மணி நேரம் வைத்திருந்து திறக்க வேண்டும். ஹேர் டிரையர் கூடாது.

அப்படியும் திறக்காவிட்டால், கார்டில் நேரடியாகத் தேடாமல் அதை முழுவதும் ஒரே கோப்பாக நகல் எடுங்கள். லினக்ஸில் `lsblk` கொடுத்தால் 64 ஜிபி கார்டு ஏறக்குறைய 59G என்று தெரியும். அதன் பெயர் `sdb` என்றால்:

```
sudo ddrescue -d /dev/sdb card.img card.map
photorec card.img
```

நகலுக்கே 64 ஜிபி வேண்டும், மீட்ட படங்களுக்கு அதே அளவு இடம் தனியாக வேண்டும். நொடிக்கு 20 எம்பி படிக்கும் ரீடரில் நகலெடுக்க ஒரு மணி நேரம் போல ஆகும். நடுவில் கார்டு துண்டித்துக்கொண்டால் சற்று ஆறவிட்டு, `lsblk` மூலம் பெயரை மறுபடி சரிபார்த்து, அதே கட்டளையைக் கொடுங்கள். `card.map` இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். PhotoRec படங்களின் தொடக்கக் குறிகளைத் தேடி எடுப்பதால் பழைய கோப்புப் பெயர்கள் வராது, ஆனால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருக்கும். பாதி சாம்பல் நிறமாக வரும் படத்தின் மீதிப் பகுதி வேறெங்கோ சிதறியிருக்கலாம். வீடியோக்களில் இது கூடுதலாக நேரும்.

குன்னூரிலிருந்து: போனில் போட்டிருந்த மைக்ரோ கார்டை லேப்டாப் அடையாளமே காட்டவில்லை.

முதலில் அந்தப் போனிலேயே மறுபடி போட்டுப் பாருங்கள். கார்டைப் போனின் உள்சேமிப்பாக அமைத்திருந்தால் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், சாவி போனில்தான் இருக்கும். போனை ரீசெட் செய்தால் அதுவும் போய்விடும். சாதாரணக் கார்டாக இருந்து, எந்த ரீடரிலும் கொள்ளளவு 0 என்றே காட்டினால் அதன் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதாகியிருக்கலாம். அதற்கு மென்பொருள் உதவாது, சில்லைப் பிரித்துப் படிக்கும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு படமும் எடுக்காமல் கார்டைக் கழற்றிவிட்டீர்களா? கேமராவின் சாதாரண ஃபார்மட் பெரும்பாலும் அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதும் என்பதால், மேலே சொன்ன முறையிலேயே மீட்டுப் பார்க்கலாம். `Low level format` கொடுத்திருந்தால் நம்பிக்கை வைக்க வேண்டாம்.