சேர்ந்த மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடுப்பு: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மகள் பி.காம். முடித்துவிட்டு ஜூன் 1, திங்கட்கிழமை கோவையில் ஒரு கணக்குப்பதிவுச் சேவை நிறுவனத்தில் ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தில் சேர்ந்திருக்கிறார். அண்ணனின் நிச்சயதார்த்தம் 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை தென்காசியில் நடக்கிறது. சேர்ந்த மூன்றாவது வாரத்திலேயே விடுப்புக் கேட்டால் பொறுப்பில்லாத பெண் என்று நினைத்துவிடுவார்களோ என்று அவர் தயங்குகிறார். அன்று காலையில் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

காய்ச்சல் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். நிச்சயதார்த்தப் படங்களை உறவினர் யாராவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பார்கள், அவற்றில் பட்டுப்புடவையில் உங்கள் மகளும் நிற்பார். அலுவலகத்தில் மருத்துவச் சான்று கேட்டாலும் சிக்கல்தான். ஒரு நாள் விடுப்புக்காகத் தகுதிகாண் பருவத்தில் ஒருவரை அனுப்பிவிடுவது அரிது, ஆனால் பொய் சொன்னது தெரிந்தால், அதன் பிறகு அவர் உண்மையாகவே காய்ச்சலில் படுத்திருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த விடுப்பில் உண்மையான இடைஞ்சல் அவர் புதியவர் என்பதைவிட அந்தத் தேதியில்தான் இருக்கிறது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு, விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கடைசி நாள் 11, வரி கட்டித் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் கடைசி நாள் 20. இடையில் 14ஆம் தேதி, விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களைத் தொகுத்துக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை வெளியாகும். வாடிக்கையாளரின் கொள்முதல் பதிவேட்டை அதனுடன் ஒப்பிட்டு, எந்த விற்பனையாளரின் பில் வரவில்லை, எதில் தொகை வேறுபடுகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடமே கொடுப்பார்கள். ஆகவே 19ஆம் தேதி அந்த அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லாத நாளாக இருக்கும். இதை உணராமல் “வெள்ளிக்கிழமை லீவு வேணும்” என்று மட்டும் கேட்டால், வேலையின் போக்கு இன்னும் பிடிபடவில்லை என்றுதான் மேலாளர் நினைப்பார். தேதியின் நெருக்கடி தனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக் கேட்டால் அதே கோரிக்கை வேறு விதமாகக் கேட்கும்.

எனவே 8ஆம் தேதி, திங்கட்கிழமை காலையிலேயே பேசிவிடச் சொல்லுங்கள். 10, 11 தேதிகளில் கேட்க வேண்டாம், அப்போது மேலாளருக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். அதற்குப் பின்னர் என்றால் 15ஆம் தேதி தொடங்கும் ஒப்பீட்டு வேலையை யார் யாருக்கு என்று பிரித்துக் கொடுத்து முடித்திருப்பார்கள், கொடுத்ததைத் திரும்ப எடுப்பது அவர்களுக்குத் தொந்தரவு. முதலில் தன் நேரடி மேலாளரிடம் நேரில் சொல்ல வேண்டும். மனிதவளத் துறைக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பி, அது சுற்றி வந்து மேலாளருக்குத் தெரியும்படி செய்வது முதல் மாதத்தில் நல்லதல்ல. பேச்சு இவ்வளவு இருந்தால் போதும்:

“மேடம், 19ஆம் தேதி வெள்ளிக்கிழமை எங்க அண்ணனுக்குத் தென்காசியில நிச்சயதார்த்தம். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு கிடைக்குமா? 20ஆம் தேதி 3பி கடைசி நாள்னு தெரியும். எனக்குக் குடுக்கற கிளையன்ட்டுகளோட மேட்ச்சிங்கை 18 சாயந்திரத்துக்குள்ள முடிச்சு, வித்தியாசம் வர்ற பில்லுகளை லிஸ்ட் போட்டுக் குடுத்துட்டுப் போறேன். சனிக்கிழமை காலையில ஆபீஸ்ல இருப்பேன்.”

இதில் மன்னிப்பு இல்லை, குடும்பக் கதை இல்லை. புதியவர்கள் பயத்தில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று நீளமாக விளக்குவார்கள். கேட்பவருக்குத் தெரிய வேண்டியது எந்த நாள், அன்றைய வேலைக்கு என்ன வழி, எப்போது திரும்புவார் என்பவை மட்டுமே. மேலாளர் சரி என்றதும் அன்றைக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, நிறுவனத்தின் வருகைப்பதிவு மென்பொருளிலும் விண்ணப்பித்துவிட வேண்டும். வாய்ச்சொல்லோடு விட்டால், சம்பளக் கணக்குப் போடும்போது அது அறிவிக்காமல் எடுத்த விடுப்பாகப் பதிவாகிவிடும், தகுதிகாண் மதிப்பீட்டிலும் அந்தப் பதிவுதான் நிற்கும்.

சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும். மாதம் 18,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். 30 நாளால் வகுத்தால் 600 ரூபாய், 26 வேலைநாளால் வகுத்தால் சுமார் 692 ரூபாய் குறையும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 பொருந்தும் இடங்களில் முதல் பன்னிரண்டு மாதங்களிலேயே 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்புக்கு இடமுண்டு. பல நிறுவனங்கள் பணி உறுதிக்குப் பிறகே விடுப்புக் கணக்கைத் தொடங்கினாலும், 600 ரூபாய்க்காக இரண்டாவது வாரத்தில் சட்டப் பிரிவைச் சொல்லிப் பேசுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதைவிட, நியமன ஆணையில் ஒரு வரியைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். தகுதிகாண் பருவத்தில் எடுக்கும் விடுப்பு நாட்களின் அளவுக்கு அந்தப் பருவம் நீளும் என்று சில ஆணைகளில் இருக்கும். ஒரு நாள் நீண்டால் இழப்பில்லை, ஆனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரு நாள் என்று கேட்டால் ஒரு நாளோடு நிற்க வேண்டும். வியாழன் இரவுப் பேருந்தில் புறப்பட்டு, வெள்ளி மாலைப் பேருந்தில் திரும்பினால் சனிக்கிழமை காலை கோவையில் இருக்கலாம். “வந்ததுதான் வந்தாய், ஞாயிறு வரை இருந்துவிட்டுப் போ” என்று வீட்டில் சொல்லுவீர்கள். அந்தச் சனிக்கிழமைதான் 20ஆம் தேதி, அன்று வராமல் போனால் மேலே சொன்ன உறுதிமொழி அத்தனையும் பொய்யாகிவிடும். ஆகையால் திரும்பும் பயணச்சீட்டை இப்போதே, கடைசிப் பேருந்துக்கு முந்தையதாகப் பார்த்து, எடுத்துவிடுங்கள். வெள்ளியன்று வழியில் தாமதமானால் மறுநாள் காலை வரை காத்திராமல் அன்றிரவே மேலாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

மேலாளர் மறுத்துவிட்டால், “எப்படிச் செய்தால் சரியாக இருக்கும், மேடம்?” என்று ஒரு முறை கேட்கலாம். 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து கொள்முதல் பதிவுகளை முன்கூட்டியே சரிபார்த்து வைப்பதாகச் சொல்லலாம். அப்படியும் முடியாது என்றால் சொல்லாமல் கிளம்பக் கூடாது. அந்நிலையில் நிச்சயதார்த்தத்துக்கு அவர் வராமல் இருப்பதை நீங்கள்தான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், நிச்சயதார்த்தம் என்பதால் என்னால் இப்படிச் சொல்ல முடிகிறது. எக்காரணம் கொண்டும் நீங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேச வேண்டாம். தந்தை பேசி வாங்கித் தந்த விடுப்பு, மகளைப் பள்ளி மாணவியாகக் காட்டிவிடும்.

திருமணம் ஆவணியில் என்று கடிதத்தின் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் வைத்திருந்து, ஆவணி பிறந்ததும் மூன்று நாள் கேட்டால் முன்பே தெரிந்தும் மறைத்ததாகத் தோன்றும். எனவே 20ஆம் தேதித் தாக்கல் முடிந்து, அடுத்த வாரம் திங்கட்கிழமை அலுவலகம் ஓய்ந்திருக்கும்போது, இனிப்பைக் கொடுக்கும் கையோடு முகூர்த்தத் தேதியையும் மேலாளரிடம் சொல்லிவைக்கட்டும். தேதியை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், ஜோசியரிடம் இரண்டு மூன்று நாட்கள் குறித்து வாங்கி, அவற்றில் 11, 20 தேதிகளை ஒட்டி வராத ஒன்றைப் பாருங்கள்.